கொள்முதலுக்கும் கீழே சர்க்கரை: சிறிய மளிகைக் கடை ஆஃபர் போடும் முன் பார்க்க வேண்டியவை

பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று ஊருக்குள் வந்ததும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வரும் முதல் யோசனை, "நாமும் ஏதாவது ஒரு சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் என்ன?" என்பதுதான். கொடுக்கலாம். ஒன்றிரண்டு பொருளை வாங்கிய விலைக்கும் கீழே விற்று, அதற்காக வருகிறவர் கூடையில் போடும் மற்ற சரக்கில் லாபம் பார்ப்பது சில்லறை வணிகத்தில் எல்லோரும் செய்வது. வணிகப் பாடங்களில் இதை லாஸ் லீடர் என்பார்கள். கடையில் நாம் சொல்வது ஆஃபர் சரக்கு.

பெரிய கடைகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். அமெரிக்காவின் காஸ்ட்கோ நிறுவனம் சுட்ட முழுக்கோழியை 4.99 டாலருக்கு விற்கிறது. அதைக் கடையின் பின்கோடியில் வைத்திருக்கும். கோழியை எடுக்கப் போகிறவர் கடை முழுவதையும் கடந்து போக வேண்டும். அந்த ஏற்பாட்டில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இடத்தைப் பற்றிய பாடத்தை மட்டும்தான். கோழியில் விட்டதை ஈடுகட்ட அவர்களுக்கு ஆண்டுச் சந்தா வருமானம் இருக்கிறது, நமக்கு இல்லை.

கடை நடத்தும் அனுபவத்தில் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட வரிசையைக் கீழே கொடுக்கிறேன். எடுத்துக்காட்டு, ஒரு நாளைக்கு 150 பில் போடும் கடை, பொருள் சர்க்கரை. விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கொள்முதல் பில்லில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.

1. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று தகுதிகள் வேண்டும். வாடிக்கையாளருக்கு அதன் விலை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை, துவரம் பருப்பு, எண்ணெய், முட்டை, வெங்காயம் ஆகியவற்றின் விலை எல்லோருக்கும் தெரியும். சோம்பில் கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்தாலும் யாருக்கும் உறைக்காது; சர்க்கரையில் 5 ரூபாய் குறைந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சாதாரண நாளிலேயே அதில் உங்களுக்கு லாபம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆஃபர் நாளில் வாங்கிப் போனவர் அடுத்த வாரம் அதே பொருளை வாங்க வர மாட்டார். லாபம் நிறைய தரும் பொருள் என்றால் அந்த அடுத்த வார லாபமும் சேர்ந்து போகிறது. சர்க்கரையில் அந்தக் கவலை இல்லை, போவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

மூன்றாவது, ஒரு வீடு அளவுக்கு மீறி வாங்கிக் குவிக்காத பொருளாக இருக்க வேண்டும், அல்லது நீங்கள் அளவைக் கட்டுப்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். எண்ணெயில் இதுதான் சிக்கல். நிறுவன முத்திரை கொண்ட ஒரு லிட்டர் பாக்கெட்டை அடக்க விலைக்குக் கீழே வைத்தால், முதலில் வந்து அள்ளுவது பக்கத்துத் தெரு பெட்டிக்கடைக்காரர். அடுத்து வருவது விநியோகஸ்தரின் விற்பனைப் பிரதிநிதி, "மற்ற கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்" என்ற புகாரோடு. மூட்டையில் வரும் சர்க்கரைக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ரேஷனில் பெரும்பாலான அட்டைகளுக்குச் சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது நம் கடைச் சர்க்கரை எப்படி ஆளை இழுக்கும் என்று கேட்கலாம். ரேஷன் அளவு தலைக்கு அரைக் கிலோ கணக்கில் ஒரு வரம்புக்குள் நின்றுவிடுகிறது. காலையும் மாலையும் காப்பி போடும் வீட்டுக்கு அது போதாது. மீதிக்கு வெளிக்கடைதான்.

2. உண்மையான அடக்க விலையை எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 50 கிலோ மூட்டை 2,100 ரூபாய், அதாவது கிலோ 42. நான் 38-க்கு விற்கிறேன். கிலோவுக்கு 4 ரூபாய் நட்டம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். தவறு.

மூட்டை விலை ஜிஎஸ்டி சேராத விலை. நீங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கும் 38 ரூபாய் ஜிஎஸ்டி உள்ளடங்கிய விலை. சர்க்கரைக்கு 5 சதவீதம் என்பதால், 38 ரூபாயை 1.05-ஆல் வகுத்தால் உங்களுக்கு நிற்பது 36.19 மட்டுமே.

அடுத்து, 42 என்பதும் முழு அடக்கம் அல்ல. இறக்குக்கூலி கிலோவுக்கு 20 பைசா, கவரும் பொட்டலம் போடும் ஆள் கூலியும் 90 பைசா, மூட்டை கிழிசலிலும் எடைபோடுவதிலும் சிந்துவது 30 பைசா என்று வைத்தால் அடக்கம் 43.40 ஆகிறது.

43.40-இலிருந்து 36.19 போனால் 7.21. கிலோவுக்கு 4 ரூபாய் நட்டம் என்று நினைத்து இறங்கியவருக்கு உண்மையில் போவது 7 ரூபாய்க்கு மேல். கடையை மூடிய பிறகு நிதானமாக, கொள்முதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்.

நீங்கள் ஜிஎஸ்டியில் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கணக்கு வேறு. வாங்கும்போது கட்டும் வரியை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே 42-உடன் 2.10-ஐயும் சேர்த்து, கூலி முதலியவற்றையும் கூட்டினால் அடக்கம் 45.50. விற்ற தொகைக்கு 1 சதவீதம் வரி, நட்டத்துக்கு விற்றாலும் உண்டு. 38 ரூபாயில் 38 பைசா அதற்குப் போகும். ஆக நட்டம் கிலோவுக்கு 7.88.

3. எத்தனை மூட்டை, எத்தனை நாள்

சம்பளம் வந்த கையோடு மாதச் சாமான் பட்டியலோடு வருகிறார்களே, அந்த முதல் வார வெள்ளி, சனி, ஞாயிறுதான் சரியான நேரம். அப்போது வருகிறவர் கையில் முழுப் பட்டியல் இருக்கும். 15-ஆம் தேதிக்கு மேல் ஆஃபர் போட்டால் வருகிறவர் சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். அவர் வீட்டில் மற்றதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் போடாதீர்கள். அந்த வாரம் எப்படியும் கூட்டம் வரும், வருகிறவருக்கு எதற்குக் காசு கொடுத்து அழைப்பு?

பில்லுக்கு 2 கிலோ என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் டீக்கடைகளும் மெஸ்களும் ஆளை அனுப்பி மூட்டையாகவே கேட்பார்கள். வரம்பு வைத்தாலும் ஒரே ஆள் மூன்று முறை வரிசையில் நிற்பார். கைபேசி எண்ணோடு பில் போட்டால் இது பெரிதும் குறையும்.

அளவுக் கணக்கு இப்படி: வழக்கமாக மூன்று நாளில் 450 பில். ஆஃபரால் 180 கூடும் என்று வைத்தால் 630. புதிதாக வரும் 180 பேரும் சர்க்கரை வாங்குவார்கள். வழக்கமானவர்களில் 261 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்தால் மொத்தம் 441 பில், 882 கிலோ. ஆக 18 மூட்டை. வரியோடு 39,690 ரூபாய் முடக்க வேண்டும். புதன் அல்லது வியாழன் சரக்கு இறங்கட்டும். மண்டி விலை அசையக்கூடியது என்பதால் விலை பேசி முடித்த பிறகே நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும்.

4. நோட்டீஸில் என்ன எழுத வேண்டும்

2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளில் தூண்டில் விளம்பரத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. குறைந்த விலையைக் காட்டி ஆளை வரவழைத்துவிட்டு, அந்த விலைக்குத் தர நியாயமான இருப்பு இல்லாமல் கைவிரிப்பதை அது தடுக்கிறது. இருப்பு குறைவுதான் என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சின்னக் கடை என்பதால் இது நமக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே நோட்டீஸில் விலை, தொடங்கும் நாள், முடியும் நாள், பில்லுக்கு எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு இருப்பு, இத்தனையும் இருக்கட்டும். "முதல் தரச் சர்க்கரை கிலோ ரூ.38. வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஒரு பில்லுக்கு 2 கிலோ. மொத்த இருப்பு 900 கிலோ. தீரும் வரை மட்டும்." இவ்வளவு போதும். விலையைப் பெரிய எழுத்திலும் வரம்பை எறும்பு எழுத்திலும் அச்சடிக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் சனி மாலையே சரக்கு தீர்ந்துவிட்டது. ஞாயிறு காலை வந்தவர்கள் கல்லாவைச் சுற்றி நின்று கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. தீர்ந்துபோனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெயரும் தேதியும் எழுதிய டோக்கன் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் அதே விலைக்குத் தாருங்கள். அதற்குக் கூடுதலாக ஒரு மூட்டையோ இரண்டோ ஆகலாம். ஆனால் டோக்கனோடு திரும்பி வருகிறவர் இரண்டாம் முறை உங்கள் கடைக்குள் நுழைகிறார், அதுவும் ஆஃபர் கூட்டம் இல்லாத நாளில்.

5. பொட்டலம், பில், வரி

பொட்டலத்தைப் பற்றி ஒரு பெரிய எச்சரிக்கை. முன்கூட்டியே 1 கிலோ பாக்கெட் போட்டு வைக்கிறீர்கள் என்றால் எடையளவுச் சட்டப்படி பொருளின் பெயர், நிகர எடை, பொதி செய்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, பொதி செய்தவரின் பெயர் முகவரி, புகாருக்கான தொடர்பு ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். பொதி செய்பவராகப் பதிவும் வேண்டும். அந்தப் பாக்கெட்டில் எம்ஆர்பி என்ற இடத்தில் 38 என்று போட்டுவிடாதீர்கள். ஆஃபர் முடிந்து மிஞ்சிய பாக்கெட்டைத் திங்கட்கிழமை வழக்கமான விலையான 46-க்கு விற்றால் அது அச்சிட்ட விலைக்கு மேல் விற்ற குற்றம். எம்ஆர்பி 46 என்றே இருக்கட்டும். ஆஃபர் விலை தட்டியிலும் பில்லிலும் மட்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் கண்முன்னே நிறுத்துக் கொடுங்கள், ஆனால் கூட்டத்தில் அதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். தராசின் முத்திரை காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் ஜிஎஸ்டி 38 ரூபாய்க்கே கணக்கிடப்பட வேண்டும். விற்கும் நேரத்தில் கொடுத்து, பில்லிலேயே காட்டிய தள்ளுபடிக்கு வரி கிடையாது. சில பில்லிங் மென்பொருள்கள் 46-க்கு வரி போட்டுவிட்டு அதன் பிறகு 8 ரூபாயைக் கழிக்கும். அப்படி நடந்தால் வாங்காத பணத்துக்கு வரி கட்டுகிறீர்கள். வியாழன் இரவே ஒரு சோதனை பில் போட்டுப் பாருங்கள். 1 கிலோவுக்கு வரி 1.81 என்று வந்தால் சரி, 2.19 என்று வந்தால் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

நட்டத்துக்கு விற்றதால் கொள்முதலில் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டுமோ என்று பலரும் பயப்படுவார்கள். வேண்டாம். வாங்குகிறவர் உறவு நிறுவனமாக இல்லாமல், விலையைத் தவிர வேறு பிரதிபலனும் இல்லை என்றால் விற்ற விலைதான் மதிப்பு. கிலோவுக்கு மிஞ்சும் 29 பைசா வரி வரவு மற்றப் பொருள்களின் வரிக்குக் கழியும். ஆனால் பில்லில் வராமல் சர்க்கரையைத் தனியாக அன்பளிப்பாகக் கொடுத்தால் கதை வேறு, அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். எதைக் கொடுத்தாலும் பில்லுக்குள் விலையோடு கொடுங்கள்.

வருமான வரியை உத்தேச முறையில் கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் வங்கி வழி வருவதில் 6 சதவீதமும் லாபம் என்று சட்டம் வைத்துக்கொள்ளும். நீங்கள் நட்டத்துக்கு விற்ற தொகையும் அந்த விற்றுமுதலில் சேரும். ஒரு முறைக்கு இது சிறிய தொகை. மாதாமாதம் செய்தால் ஆண்டு முடிவில் தெரியும்.

6. சரக்கை வைக்கும் இடம்

சர்க்கரையைக் கடைசிச் சுவரோரம் வையுங்கள், வழியில் டீத்தூள், காப்பித்தூள், சேமியா, ஏலக்காய், முந்திரி இருக்கட்டும். இவை சர்க்கரையோடு சேர்ந்து நினைவுக்கு வருபவை, சர்க்கரையை விட லாபமும் கூடுதல். வாசலில் மேசை போட்டு ஆஃபர் சர்க்கரை விற்பதைப் பல கடைகளில் பார்க்கிறேன். வெயிலில் நிற்கும் வரிசை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஒருவரும் உள்ளே வருவதில்லை.

ஆஃபரின் நட்டத்தை மீட்க மற்றப் பொருள்களின் விலையை அந்த மூன்று நாளில் ஏற்றாதீர்கள். துவரம் பருப்பில் 4 ரூபாய் ஏறியிருந்தால் வழக்கமான வாடிக்கையாளர் உடனே கண்டுபிடிப்பார், அவர்தான் உங்கள் கடைக்குச் சோறு போடுகிறவர்.

7. வெள்ளி இரவே கணக்குப் பாருங்கள்

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். வெள்ளி இரவு பில்லிங் பதிவில் சர்க்கரை மட்டுமே உள்ள பில்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சர்க்கரை வாங்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேறு எதுவும் வாங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: சரக்கு வாசலருகே இருக்கிறது, அல்லது கடைக்காரர்களே ஆள் வைத்து வாங்குகிறார்கள். அறிவித்த விலையையும் வரம்பையும் பாதியில் மாற்றாதீர்கள். இடத்தை மாற்றுங்கள், கல்லாவில் கைபேசி எண் கேளுங்கள்.

8. முடிந்த பிறகு முழுக் கணக்கு

நம் எடுத்துக்காட்டையே முடிப்போம். 882 கிலோ, கிலோவுக்கு 7.21 வீதம் 6,359 ரூபாய். ஆஃபர் இல்லாவிட்டாலும் 46-க்கு விற்றிருக்கக்கூடியது 180 கிலோ என்று வைத்தால், வரியும் அடக்கமும் போகக் கிலோவுக்குக் கிடைத்திருக்கும் 41 பைசா லாபம் 74 ரூபாய். நோட்டீஸ் அச்சும் விநியோகமும் 2,100. மொத்தச் செலவு 8,533.

வரவு: கூடுதலாக வந்த 180 பேரில் 50 பேர் சர்க்கரை மட்டும் வாங்கிப் போனார்கள். மீதி 130 பேர் மற்றச் சரக்கு ஆளுக்கு 260 ரூபாய்க்கு வாங்கினார்கள். 14 சதவீத லாபம் என்றால் 36.40 வீதம் 4,732.

குறைவது 3,801 ரூபாய். அதாவது ஆஃபர் நடந்த மூன்று நாளில் கடைக்கு நட்டம்தான். இதில் பயப்பட ஒன்றுமில்லை, சிறிய கடையில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். கேட்க வேண்டிய கேள்வி, இந்த 3,801 ரூபாய்க்கு என்ன வாங்கினீர்கள் என்பதே. புதிதாக வந்த ஒரு குடும்பம் மாதம் 2,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் உங்களுக்கு 280 ரூபாய் நிற்கும். 130 பேரில் 14 குடும்பங்கள் அடுத்த ஒரு மாதம் உங்களிடம் வாங்கினால் 3,920, விட்டது வந்துவிட்டது. அதற்கு மேல் வருகிறவர்கள் எல்லாம் லாபம்.

வந்தார்களா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கைபேசி எண். ஆஃபர் நாளில் முதன்முறையாகப் பதிவான எண்களைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த மாதம் 10-ஆம் தேதி அவற்றில் எத்தனை மறுபடி பில்லில் வந்திருக்கின்றன என்று பாருங்கள். எண் தர விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கூடுதல் பில் 180 என்பதையும் போன வாரத்தோடு ஒப்பிட்டு எடுக்கக் கூடாது. போன மாதத்து முதல் வார வெள்ளி, சனி, ஞாயிறோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் சம்பள வாரக் கூட்டத்தையெல்லாம் ஆஃபரின் பெருமையாக எழுதிவிடுவீர்கள்.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் உறுத்துவது வேறோர் எண். 882 கிலோவில் 522 கிலோ ஏற்கெனவே வருகிறவர்கள் வாங்கியது. 6,359 ரூபாய் நட்டத்தில் 3,764 ரூபாய், எப்படியும் வந்திருக்கக் கூடியவர்களுக்குப் போனது. அதைத் தவிர்க்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. பழைய வாடிக்கையாளருக்குத் தர மாட்டேன் என்று சொல்ல முடியுமா? குறைக்கும் வழி ஒன்று உண்டு. நோட்டீஸை உங்கள் தெருவிலும் கடைக்குள்ளும் கொடுப்பதைக் குறைத்து, இதுவரை உங்களிடம் வராத, ஆனால் நடந்து வரக்கூடிய தொலைவில் உள்ள தெருக்களில் கொடுங்கள். புதிதாகக் குடியேறும் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தால் முதலில் அங்கே.

9. அடுத்தது எப்போது

மாதாமாதம் சர்க்கரையை இறக்கினால் இரண்டு மூன்று மாதங்களில் வீடுகள் பழகிக்கொள்ளும். முதல் வாரம் வரை சர்க்கரை வாங்காமல் காத்திருப்பார்கள், 46 ரூபாய் விலை யாருக்கும் உண்மையான விலையாகத் தெரியாது. இரண்டு ஆஃபருக்கு இடையே மூன்று மாதமாவது விடுங்கள், பொருளையும் மாற்றுங்கள். முட்டை நல்ல மாற்று. வீட்டில் அதிக நாள் குவித்து வைக்க முடியாது. துவரம் பருப்பை எடுத்தால் 2-ஆம் படியை மறுபடி போட வேண்டும். பிரித்த மூட்டையிலிருந்து சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கும், பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகக் கொடுப்பதற்கும் பருப்பில் ஜிஎஸ்டி வேறு வேறு. முன்னதற்கு வரி இல்லை, பின்னதற்கு 5 சதவீதம். எப்படி வாங்குகிறீர்கள், எப்படி விற்கிறீர்கள் என்பதைக் கணக்காளரிடம் சொல்லி, நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன் செய்ய வேண்டியவை: தட்டியை இறக்குங்கள், பில்லிங்கில் விலையை 46-க்கு மாற்றுங்கள், மிஞ்சிய மூட்டையை எடைபோட்டு இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள், கொள்முதல் பில், நோட்டீஸின் ஒரு பிரதி, மூன்று நாள் விற்பனை அறிக்கை மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.